லார்ஜ் கேப், ஃப்ளெக்ஸி கேப், மல்ட்டி கேப்: முதல் ஃபண்டாக எது?

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. வயது 34. இதுவரை ஆர்.டி., அஞ்சலகச் சேமிப்பு, நகைச்சீட்டு தவிர வேறு எதிலும் பணம் போட்டதில்லை. ஆறு வயது மகளின் கல்லூரிப் படிப்புக்காக, மாதம் 6,000 ரூபாய் மியூச்சுவல் ஃபண்டில் போடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். தெரிந்த முகவர் ஒருவர், "மல்ட்டி கேப் எடுங்கள் மேடம். பெரிய கம்பெனி, நடுத்தரக் கம்பெனி, சின்னக் கம்பெனி எல்லாம் கலந்திருப்பதால் அதுதான் பாதுகாப்பு" என்கிறார். உடன் வேலை பார்க்கும் ஆசிரியரோ, "ஃப்ளெக்ஸி கேப்பும் அதுவும் ஒன்றுதான். குழப்பமாக இருந்தால் லார்ஜ், ஃப்ளெக்ஸி, மல்ட்டி மூன்றிலும் 2,000 ரூபாய் போட்டுவிடுங்கள்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

– வாசகி, திண்டுக்கல்

பதில்: பணத்தைப் போடுவதற்கு முன்பே இதைக் கேட்டீர்களே, அது நல்லது. பெரும்பாலோர் போட்ட பிறகுதான் கேட்கிறார்கள். உங்களுக்குக் கிடைத்த யோசனைகள் இரண்டுமே கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கின்றன. அதனால் அவை எங்கே பிசகுகின்றன என்பதை முதலில் பார்த்துவிடுவோம். அது தெரிந்தால் எந்த ஃபண்ட் என்பது தானாகவே விளங்கிவிடும்.

மூன்று பெயர்களிலும் வரும் 'கேப்' என்பது ஒரு நிறுவனத்தின் சந்தை மதிப்பைக் குறிக்கிறது. அந்த நிறுவனத்தின் மொத்தப் பங்குகளையும் இன்றைய விலைக்கு வாங்கினால் என்ன தொகை ஆகுமோ, அதுதான் சந்தை மதிப்பு. இந்த மதிப்பின்படி நிறுவனங்களை வரிசைப்படுத்தி, முதல் 100 நிறுவனங்கள் லார்ஜ் கேப், 101 முதல் 250 வரை மிட் கேப், 251-லிருந்து கீழே உள்ளவை எல்லாம் ஸ்மால் கேப் என்று, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பு 2017 அக்டோபரில் வரையறுத்தது. மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபி ஆறு மாதத்துக்கு ஒரு முறை இந்தப் பட்டியலைப் புதுப்பிக்கிறது. சமீப ஆண்டுகளில் நூறாவது இடத்தில் இருக்கும் நிறுவனத்தின் மதிப்பு ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி ரூபாய். ஆகவே ஸ்மால் கேப் என்றவுடன் தெருமுனைக் கடையை நினைத்துவிட வேண்டாம். பல ஆயிரம் கோடி மதிப்புள்ள நிறுவனங்களும் அந்தப் பிரிவில் இருக்கின்றன.

இப்போது மூன்று ஃபண்டுகளுக்குமான விதிகளுக்கு வருவோம். லார்ஜ் கேப் ஃபண்ட், தன்னிடம் உள்ள பணத்தில் குறைந்தது 80 சதவீதத்தை முதல் 100 நிறுவனங்களில் வைத்திருக்க வேண்டும். மல்ட்டி கேப் ஃபண்ட், குறைந்தது 75 சதவீதத்தைப் பங்குகளில் போட வேண்டும். அதிலும் லார்ஜ், மிட், ஸ்மால் என மூன்று பிரிவிலும் தலா 25 சதவீதமாவது கட்டாயம் இருக்க வேண்டும். ஃப்ளெக்ஸி கேப் ஃபண்ட், குறைந்தது 65 சதவீதத்தைப் பங்குகளில் போட்டால் போதும். எந்தப் பிரிவில் எவ்வளவு என்பதை ஃபண்ட் மேனேஜரே, அதாவது உங்கள் பணத்துக்கான பங்குகளைத் தேர்ந்தெடுப்பவரே, முடிவு செய்துகொள்ளலாம்.

ஃப்ளெக்ஸியும் மல்ட்டியும் ஒன்றுதான் என்று உங்கள் சக ஆசிரியர் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2020 வரை அவை ஒன்றாகத்தான் இருந்தன. அப்போது மல்ட்டி கேப் என்ற ஒரே பிரிவுதான். பெயர் 'மல்ட்டி' என்றாலும் பல ஃபண்டுகள் பெரும்பங்குப் பணத்தை லார்ஜ் கேப் பங்குகளிலேயே வைத்திருந்தன. பெயருக்கு ஏற்றபடி முதலீடு இருக்க வேண்டும் என்று செபி 2020 செப்டம்பரில் அந்த 25-25-25 விதியைக் கொண்டுவந்தது. அதை அப்படியே பின்பற்றினால் பெரிய தொகைகளை ஸ்மால் கேப் பங்குகளுக்கு அவசரமாக மாற்ற வேண்டியிருக்கும் என்று ஃபண்ட் நிறுவனங்கள் கவலைப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் ஃப்ளெக்ஸி கேப் என்ற புதிய பிரிவை செபி அறிமுகப்படுத்தியது. பழைய மல்ட்டி கேப் ஃபண்டுகளில் பல, முதலீட்டு முறையை மாற்றாமல் பெயரை மட்டும் ஃப்ளெக்ஸி கேப் என்று மாற்றிக்கொண்டன. அதாவது, 2020-க்கு முன்பு மல்ட்டி கேப் என்று அறியப்பட்டதன் இன்றைய வாரிசு ஃப்ளெக்ஸி கேப்தான். இன்றைய மல்ட்டி கேப் என்பது வேறு சரக்கு.

இதை ஒட்டி ஓர் எச்சரிக்கை. மல்ட்டி கேப் ஃபண்ட் ஒன்றின் பத்தாண்டு வருமானத்தை யாராவது உங்களுக்குக் காட்டினால், அதில் 2021-க்கு முந்தைய பகுதி பழைய விதியின் கீழ் வந்தது என்பதை மறக்காதீர்கள். 2021-க்குப் பிறகு தொடங்கிய ஃபண்டாக இருந்தால், அதன் வரலாறே மிட், ஸ்மால் கேப் பங்குகள் வேகமாக ஏறிய காலத்தை ஒட்டித்தான் ஆரம்பிக்கிறது. இரண்டு வகையிலும், 25-25-25 விதி ஒரு நீண்ட சரிவில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அந்த எண்கள் உங்களுக்குச் சொல்லாது.

அடுத்து, முகவர் சொன்ன பாதுகாப்பு. பல இடங்களில் பிரித்துப் போட்டால் ஆபத்து குறையும் என்பது உண்மையே. ஒரு நிறுவனம் விழுந்தால் இன்னொன்று தாங்கும். ஆனால் லார்ஜ் கேப் ஃபண்டிலும் பல துறைகளைச் சேர்ந்த பல நிறுவனங்கள் இருக்கின்றன. அந்தப் பாதுகாப்பு அங்கேயே உங்களுக்குக் கிடைத்துவிடுகிறது. அதற்கு மேல் மிட், ஸ்மால் கேப் பங்குகளைச் சேர்க்கும்போது ஏறும் வாய்ப்பு கூடலாம். ஆனால் இறங்கும்போது ஆழமும் கூடுகிறது. சந்தை பயப்படும் நேரத்தில் எல்லோரும் முதலில் விற்க நினைப்பது இத்தகைய பங்குகளைத்தான், வாங்க ஆள் குறைவாக இருப்பதும் இங்கேதான். அதனால் விலை வேகமாகச் சரிகிறது. 'கலந்திருப்பதால் பாதுகாப்பு' என்ற வாதம் உடைவது இந்த இடத்தில்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2018-ஆம் ஆண்டில் நாட்டின் 50 பெரிய நிறுவனங்களைக் கொண்ட நிஃப்டி 50 குறியீடு ஏறத்தாழ 3 சதவீதம் ஏறியது. அதே ஆண்டு நிஃப்டி மிட் கேப் 100 குறியீடு 15 சதவீதமும், நிஃப்டி ஸ்மால் கேப் 100 குறியீடு 29 சதவீதமும் இறங்கின. 2019-இல் நிஃப்டி 50 மேலும் 12 சதவீதம் ஏற, மிட் கேப் 4 சதவீதமும் ஸ்மால் கேப் 9 சதவீதத்துக்கு மேலும் இறங்கின. 2017 கடைசியில் ஒருவர் ஒரு லட்சம் ரூபாயை நிஃப்டி 50-இல் போட்டிருந்தால், இரண்டு ஆண்டு முடிவில் அது சுமார் 1,15,000 ரூபாய். அதே ஒரு லட்சத்தை இன்றைய மல்ட்டி கேப் விதிக்கு ஏற்ப, பாதியை லார்ஜிலும் மீதியை மிட், ஸ்மாலில் சரிபாதியாகவும் போட்டு, ஆண்டுக்கு ஒரு முறை அதே விகிதத்துக்குச் சரிசெய்திருந்தால், கையில் சுமார் 93,000 ரூபாய்தான் இருந்திருக்கும். செய்தித்தாள்களில் 'சந்தை ஏறுகிறது' என்று வந்துகொண்டிருந்த அதே இரண்டு ஆண்டுகளில் இப்படி.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் கணக்கு அப்படியே திரும்பியது. 2020-இல் நிஃப்டி 50 சுமார் 15 சதவீதம், மிட், ஸ்மால் இரண்டும் 21, 22 சதவீதம் அளவில் ஏறின. 2021-இல் நிஃப்டி 50 ஏறியது 24 சதவீதம், மிட் கேப் 46, ஸ்மால் கேப் 59. 2019 கடைசியில் நுழைந்தவருக்கு நிஃப்டி 50-இல் போட்ட ஒரு லட்சம் சுமார் 1,43,000 ரூபாய் ஆனது. பாதிக்குப் பாதி கலந்து போட்டவருக்கு அது சுமார் 1,63,000 ரூபாய். ஆக, மல்ட்டி கேப் மோசமான வகை அல்ல. நல்ல காலத்தில் அதிகம் தருகிறது, கெட்ட காலத்தில் அதிகம் எடுத்துக்கொள்கிறது. இவை குறியீடுகளை வைத்துப் போட்ட கணக்குகள், ஈவுத்தொகை சேர்க்கப்படவில்லை. எந்த ஃபண்டும் இதே எண்ணைத் தரும் என்று கொள்ள வேண்டாம். ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசம் என்பதை மட்டும் பாருங்கள்.

லார்ஜ் கேப்பும் விழும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2020 ஜனவரி நடுவிலிருந்து மார்ச் 23 வரை, இரண்டே மாதத்தில் நிஃப்டி 50 ஏறத்தாழ 38 சதவீதம் சரிந்தது. ஆனால் அந்த ஆண்டு நவம்பரிலேயே பழைய உயரத்தைத் தொட்டுவிட்டது. ஸ்மால் கேப் 100 குறியீடோ, 2018 ஜனவரியில் தொட்ட உச்சத்திலிருந்து 2020 மார்ச்சுக்குள் 60 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. அந்த உச்சத்தை மீண்டும் பார்க்க மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. முதல் முறை முதலீடு செய்பவருக்கு இழப்பின் ஆழத்தைவிட இந்தக் காத்திருப்பின் நீளம்தான் பெரிய சோதனை. ஆர்.டி.யில் ஒவ்வொரு மாதமும் தொகை கூடுவதைப் பார்த்துப் பழகிய கண், இரண்டு ஆண்டு கட்டிய பிறகும் போட்டதைவிடக் குறைவாக நிற்கும் கணக்கைப் பார்த்தால், மாதாமாதம் கட்டும் எஸ்.ஐ.பி.யை நிறுத்தச் சொல்லும். விலை குறைவாக இருக்கும்போது அதே 6,000 ரூபாய்க்கு அதிக யூனிட் கிடைக்கிறது. பிற்பாடு லாபம் தருபவை அந்த யூனிட்டுகளே. நிறுத்துகிறவர் அவற்றைத்தான் இழக்கிறார். எந்த ஃபண்டை எடுத்தால் நீங்கள் நடுவில் நிறுத்த மாட்டீர்கள் என்பதே உங்கள் தேர்வுக்கு முதல் அளவுகோல்.

மூன்று வகைகளையும் இந்த அளவுகோலில் வைத்துப் பார்ப்போம்.

மல்ட்டி கேப்பில் 25 சதவீத ஸ்மால் கேப் என்பது கட்டாயம். அந்தப் பங்குகள் விலை அதிகமாகிவிட்டன என்று மேனேஜரே நினைத்தாலும் அதற்குக் கீழே குறைக்க அவருக்கு அனுமதி இல்லை. கட்டாயப் பங்கு போக மீதமுள்ள 25 சதவீதத்தையும் அவர் ஸ்மால் கேப்பில் போட்டால், உங்கள் பணத்தில் பாதி அங்கேதான் இருக்கும். அதுவும் விதிக்கு உட்பட்டதே. ஒரு சரிவையாவது எஸ்.ஐ.பி.யை நிறுத்தாமல் கடந்து பழகியவருக்கு இது பொருந்தும். முதல் ஃபண்டாக இதை நான் சொல்ல மாட்டேன்.

லார்ஜ் கேப்பில் ஏற்ற இறக்கம் மூன்றிலும் குறைவு. ஆனால் வேறொரு சங்கடம் இருக்கிறது. எண்பது சதவீதப் பணம் நூறு நிறுவனங்களுக்குள்ளேயே சுற்ற வேண்டும். அந்த நூறையும் சந்தையில் உள்ள அத்தனை பேரும் அலசிக்கொண்டே இருக்கிறார்கள். மற்றவர் கண்ணில் படாத ஒன்றை மேனேஜர் அங்கே கண்டுபிடிப்பது கடினம். அவருக்கான கட்டணம் மட்டும் ஆண்டுதோறும் போய்க்கொண்டிருக்கும். நீண்ட காலக் கணக்கில் பெரும்பாலான லார்ஜ் கேப் ஃபண்டுகள் குறியீட்டைவிடப் பின்தங்குவதை எஸ் அண்ட் பி நிறுவனத்தின் ஸ்பிவா அறிக்கைகள் பல முறை காட்டியிருக்கின்றன. அதனால் பெரிய நிறுவனங்கள் மட்டும் போதும் என்று நினைப்பவர், நிஃப்டி 50 அல்லது நிஃப்டி 100 இண்டெக்ஸ் ஃபண்டை எடுப்பதே மேல். இண்டெக்ஸ் ஃபண்ட் என்பது குறியீட்டில் உள்ள பங்குகளை அதே விகிதத்தில் அப்படியே வாங்கி வைப்பது. தேர்வு செய்யும் வேலை இல்லாததால் கட்டணமும் குறைவு.

ஃப்ளெக்ஸி கேப் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நல்ல நடுத்தர நிறுவனம் கிடைத்தால் மேனேஜர் வாங்கலாம், விலை மிஞ்சினால் விற்றுவிட்டுப் பெரிய நிறுவனங்களுக்குத் திரும்பலாம். ஃபண்டுக்குள் நடக்கும் இந்த மாற்றத்துக்கு நீங்கள் வரி கட்ட வேண்டியதில்லை. இதையே நீங்கள் ஒரு ஃபண்டை விற்று இன்னொன்றை வாங்கிச் செய்தால் மூலதன ஆதாய வரி வரும். ஓராண்டுக்குள் விற்றால் பல ஃபண்டுகளில் வெளியேறும் கட்டணமும் உண்டு. ஆனால் இந்தச் சுதந்திரத்துக்குள்ளேயே இதன் ஆபத்தும் இருக்கிறது. விதி கட்டுப்படுத்தாததால், ஒரு ஃப்ளெக்ஸி கேப் ஃபண்ட் 80 சதவீத லார்ஜ் கேப்போடு இருக்கும், இன்னொன்று 40 சதவீத ஸ்மால் கேப்போடு இருக்கும். பெயர் மட்டும்தான் இரண்டுக்கும் ஒன்று.

அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது எளிது. ஒவ்வொரு ஃபண்ட் நிறுவனமும் மாதாமாதம் தன் இணையதளத்தில் ஃபேக்ட் ஷீட் வெளியிடுகிறது. ஃபண்டில் என்னென்ன பங்குகள், எவ்வளவு சதவீதம் என்று சொல்லும் அறிக்கை அது. பெரும்பாலானவற்றில் லார்ஜ், மிட், ஸ்மால் எவ்வளவு என்றும் பிரித்துக் காட்டியிருப்பார்கள். இந்த மாத அறிக்கையோடு நிறுத்திக்கொள்ளாமல், கடந்த மூன்று ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டின் மார்ச் மாத அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள். லார்ஜ் கேப் 60 முதல் 75 சதவீதத்துக்குள் நிலையாக இருந்து, ஸ்மால் கேப் 15 சதவீதத்தைத் தாண்டாமல் இருந்தால் அது முதல் ஃபண்டாக வைத்துக்கொள்ளத் தக்கது. ஓர் ஆண்டில் 70, மறு ஆண்டில் 45 என்று ஆடினால் மேனேஜர் நேரம் பார்த்து விளையாடுகிறார் என்று பொருள். அதே தாளில் மேனேஜரின் பெயரும், எந்த ஆண்டிலிருந்து இந்த ஃபண்டைக் கவனிக்கிறார் என்பதும் இருக்கும். அண்மையில் ஆள் மாறியிருந்தால், நீங்கள் பார்த்து மகிழ்ந்த வருமானம் வேறொருவர் ஈட்டியது.

இனி, மூன்றிலும் 2,000 என்ற யோசனைக்கு வருவோம். ஓர் உதாரணம். லார்ஜ் கேப் ஃபண்டில் பெரியது 85, நடுத்தரம் 10, சிறியது 5 சதவீதம் என்று கொள்ளுங்கள். ஃப்ளெக்ஸியில் 70, 18, 12. மல்ட்டியில் 45, 27, 28. மூன்றிலும் சம தொகை போட்டுக் கூட்டிப் பார்த்தால், உங்கள் மொத்தப் பணம் பெரிய நிறுவனங்களில் 67, நடுத்தரத்தில் 18, சிறியவற்றில் 15 சதவீதம் என்று நிற்கும். இது ஏறக்குறைய ஒரு சாதாரண ஃப்ளெக்ஸி கேப் ஃபண்டின் விகிதம்தான். மூன்று ஃபண்டு வாங்கி, மூன்று கட்டணம் கட்டி, மூன்று அறிக்கை படித்து, ஒரே ஃபண்டில் கிடைப்பதை நீங்கள் திரட்டியிருப்பீர்கள். மூன்றிலும் ஒரே பெரிய வங்கிப் பங்குகள் திரும்பத் திரும்ப வருவதையும் அந்த அறிக்கைகளில் காண்பீர்கள். போதாக்குறைக்கு, சரிவு வரும்போது மூன்றில் மல்ட்டி கேப் மட்டும் அதிகம் விழுந்து தனியாகக் கண்ணில் படும். அதை மட்டும் நிறுத்திவிடலாம் என்ற எண்ணம் வருவது அப்போதுதான்.

ஆகவே உங்களுக்கு என் பதில் இது. மகளுக்குக் கல்லூரி வர இன்னும் 11, 12 ஆண்டுகள் இருக்கின்றன. ஆண்டுக்கு ஒரு முறை ஃபேக்ட் ஷீட்டைப் பார்க்கும் பொறுமை உங்களுக்கு உண்டென்றால், மேலே சொன்ன விகிதத்தில் நிலையாக இருக்கும் ஒரே ஒரு ஃப்ளெக்ஸி கேப் ஃபண்டில் 6,000 ரூபாயையும் போடுங்கள். அந்தப் பொறுமை இல்லை, மேனேஜரை நம்பவும் மனம் வரவில்லை என்றால் நிஃப்டி 100 இண்டெக்ஸ் ஃபண்ட். இரண்டில் எதை எடுத்தாலும், கல்லூரிச் சேர்க்கைக்கு மூன்று ஆண்டுகள் இருக்கும்போது யூனிட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்று, உங்களுக்குப் பழகிய வங்கி வைப்புக்கு மாற்றத் தொடங்குங்கள். 2020 மார்ச் போன்ற ஒரு மாதம் கட்டணம் கட்டும் ஆண்டில் வந்தால், மீளும்வரை காத்திருக்கக் கல்லூரி அவகாசம் தராது.

மல்ட்டி கேப் வேண்டும் என்று பிறகு தோன்றினால், முதல் ஃபண்டு ஒரு பெரிய சரிவைச் சந்தித்து, அந்த மாதங்களிலும் நீங்கள் எஸ்.ஐ.பி.யை நிறுத்தாமல் இருந்ததற்குப் பிறகு, கூடுதல் சேமிப்பிலிருந்து தொடங்கலாம். முகவரைச் சந்திக்கும்போது அவரிடம் ஒன்று கேளுங்கள்: "2018, 2019 இரண்டு ஆண்டுகளிலும் நடந்தது மறுபடி நடந்தால், இந்த மல்ட்டி கேப்பில் என் கணக்கு எப்படி இருக்கும்?" அவர் எண்களோடு பதில் சொன்னால் மேற்கொண்டு பேசலாம். 'நீண்ட காலத்தில் எல்லாம் சரியாகிவிடும் மேடம்' என்று மட்டும் சொன்னால், படிவத்தில் கையெழுத்துப் போட அவசரப்பட வேண்டாம்.